லண்டன் உமிழ்வு வலயத்துக்குள் ஒரு டீசல் கார்: திருகோணமலைக் குடும்பமொன்றின் 18 நாட்கள்

## பின்னணி

திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற தம்பதியர், தங்கள் மகனுடன் 2024 கோடையில் இங்கிலாந்து போனார்கள். மனைவியின் தங்கை வடமேற்கு லண்டனில் ஹரோவில் இருக்கிறார். அவருடைய மகனுக்குத் திருமணம். கல்யாண வீட்டில் இடமில்லாததால், லண்டனுக்கு வெளியே மில்டன் கீன்ஸில் இருக்கும் மனைவியின் தம்பி வீட்டில் 18 நாட்கள் தங்குவதாக ஏற்பாடு.

தம்பியிடம் ஏழு இருக்கை டீசல் கார் ஒன்று இருந்தது. இலக்கத்தகட்டில் 63 என்ற எண். 2013 செப்டெம்பர் தொடக்கம் 2014 பெப்ரவரி வரை பதிவான வண்டி என்பது அதன் பொருள். ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட கார், அந்த ஆண்டுப் பரிசோதனையிலும் குறையில்லாமல் தேறியிருந்தது. அவருடைய குடும்பத்தில் நால்வர், திருகோணமலையிலிருந்து மூவர், ஆக ஏழு பேரும் ஒரே வண்டியில் போய்வரலாம் என்பதுதான் திட்டம்.

லண்டனில் மிகக் குறைந்த உமிழ்வு வலயம் என்று ஒன்று இருப்பதும், உமிழ்வுத் தரத்தில் தேறாத வண்டி அதற்குள் ஓடினால் நாட்கட்டணம் கட்ட வேண்டும் என்பதும் தம்பிக்குத் தெரியும். அங்குள்ளவர்கள் அதை யூலெஸ் என்பார்கள். ஆனால் அவர் மனதில் இருந்தது 2019 ஏப்ரலில் நகர மையத்தில் மட்டும் தொடங்கிய பழைய எல்லை. 2021 ஒக்டோபரில் அது வட, தென் சுற்று வீதிகள் வரை விரிந்தது. 2023 ஓகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா மாநகரப் பிரிவுகளும் அதற்குள் வந்துவிட்டன. ஹரோ உள்ளே, வெம்ப்ளி உள்ளே, ஹீத்ரோ விமான நிலையமும் உள்ளே. எம்25 வட்ட நெடுஞ்சாலை மட்டும் வலயத்தில் சேராது. அவர் லண்டனுக்குள் காரில் போவது அரிது என்பதால், இந்த விரிவு அவரைத் தொடவேயில்லை.

## விதி எதைப் பார்க்கிறது

பயணத்துக்கு முன் வாட்ஸ்அப் அழைப்பில் இந்தப் பேச்சு ஒருமுறை வந்தது. தம்பி "லண்டனுக்குள்ள நம்பர் பிளேட்டைக் கமரா பிடிக்கும் அத்தான்" என்றார். திருகோணமலையில் இருந்தவர் உடனே கேட்டது, "கடைசி இலக்கம் என்ன தம்பி?" 2022 எரிபொருள் நெருக்கடியில் கடைசி இலக்கத்தைப் பார்த்து நாள் ஒதுக்கியபோது வரிசையில் நின்றவருக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றும். தம்பி சிரித்துவிட்டு, கார் பரிசோதனையில் தேறிய வண்டி, பிரச்சினை வராது என்றார். இரண்டு பேரும் விதியைத் தவறாகவே விளங்கியிருந்தார்கள்.

லண்டன் கமரா இலக்கத்தகட்டைப் படிப்பது, யூரோ எனப்படும் ஐரோப்பிய உமிழ்வுத் தரங்களில் எதற்கேற்ப அந்த வாகனம் தயாரிக்கப்பட்டது என்பதைப் பதிவேட்டில் தேடத்தான். பெற்றோல் கார் என்றால் யூரோ 4 போதும். பொதுவாக 2006 ஜனவரி முதல் பதிவான பெற்றோல் கார்கள் அந்தத் தரத்தில் இருக்கும். டீசல் கார் என்றால் யூரோ 6 வேண்டும், பொதுவாக 2015 செப்டெம்பருக்குப் பின் பதிவானவை. பார்ப்பதற்கு இது அநியாயம்போல் தோன்றும். ஆனால் காரணம் நைதரசன் ஒட்சைட்டுகள். யூரோ 4 பெற்றோலுக்கும் யூரோ 6 டீசலுக்கும் அனுமதிக்கப்பட்ட அளவு ஒன்றேதான்: கிலோமீற்றருக்கு 80 மில்லிகிராம். தம்பியின் கார் யூரோ 5 டீசல், அதற்கான அளவு 180. அதனால் 2007இல் வந்த பழைய பெற்றோல் கார் கட்டணமின்றிப் போக, ஆறு வயது இளைய டீசல் கார் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கிறது.

பரிசோதனையில் தேறியதும் இங்கே உதவாது. இலங்கையில் வருமான அனுமதிப்பத்திரத்துக்காக டீசல் வண்டிக்குச் செய்யும் புகைப் பரிசோதனை, அக்சிலறேற்றரை மிதித்து வெளிவரும் புகையின் கருமையை அளக்கிறது. இங்கிலாந்தின் வருடாந்தப் பரிசோதனையிலும் டீசலுக்கு அளப்பது புகையைத்தான். நைதரசன் ஒட்சைட்டுகள் கண்ணுக்குத் தெரியும் புகையல்ல. துளிப் புகையும் விடாத யூரோ 5 டீசல் வண்டிகூட வலயத்தின் கணக்கில் தேறாது. ஊரிலிருந்து போகிறவர்களிடம் நாம் அடிக்கடி காணும் குழப்பம் இதுதான்.

ஒரு காரின் நிலையை அறிய இரண்டு வழி. வாகனப் பதிவுப் பத்திரமான வி5சியில் வி.9 என்ற கட்டத்தில் யூரோ தரம் எழுதப்பட்டிருக்கும், பழைய பத்திரங்களில் அது வெறுமையாகவும் இருக்கலாம். மற்றது, லண்டன் போக்குவரத்து அதிகாரசபையின் தளமான tfl.gov.uk இல் இலக்கத்தை இட்டுப் பார்ப்பது. ஒரு நிமிட வேலை, காசில்லை. பயணத்துக்கு முன் இந்தக் குடும்பத்தில் யாரும் அதைச் செய்யவில்லை.

## முதல் எட்டு நாட்கள்

முதல் நாள் இரவு. கொழும்பிலிருந்து வந்த விமானம் தாமதம். தம்பி இரவு ஏழரைக்கே ஹீத்ரோ தரிப்பிடத்துக்குள் போய்விட்டார். மூவரும் பெட்டிகளோடு வெளியே வந்து, கார் தரிப்பிடத்தைவிட்டு நகர்ந்தபோது நேரம் 12.20.

வலயக் கட்டணம் நாளொன்றுக்கு 12.50 பவுண். நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை, உள்ளே போன நேரத்திலிருந்து 24 மணித்தியாலம் அல்ல. ஏழரைக்கு உள்ளே போனது ஒரு நாள், 12.20க்கு வெளியே வந்தது அடுத்த நாள். ஒரே பயணத்துக்கு இரண்டு கட்டணம் விழுந்தது. தம்பி எதையும் கட்டவில்லை, விமான நிலையம் வலயத்துள் இருப்பதே அவருக்குத் தெரியாது.

நான்காம் நாள். கூறைச்சேலைக்கும் நகைக்கும் வெம்ப்ளி ஈலிங் வீதிக்குப் போனார்கள். அன்று ஓட்டியது திருகோணமலையிலிருந்து வந்த மகன். இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு 12 மாதம்வரை அங்கே கார் ஓட்டலாம், காப்புறுதியில் அவருடைய பெயரையும் தம்பி முன்கூட்டியே சேர்த்திருந்தார். வீதியோரத்தில் வலயத்தின் பச்சை அடையாளப் பலகையைக் கண்டதாக மகன் பிறகு சொன்னார். பச்சை என்பதால் ஏதோ பூங்கா அறிவிப்பு என்று நினைத்திருக்கிறார்.

எட்டாம் நாள். ஹரோவில், மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கல். ஏழு பேரும் போய், இரவு பத்து மணிக்குள் திரும்பிவிட்டார்கள்.

## கடிதங்கள்

ஒன்பதாம் நாள் காலையில் முதல் தண்டனைக் கடிதம் வந்தது: 180 பவுண், 14 நாட்களுக்குள் கட்டினால் 90. 28 நாட்களுக்குள் கட்டவுமில்லை, மறுக்கவுமில்லை என்றால் 270 ஆக உயரும்.

மறுநாள் இன்னொரு உறை. அதே கார், அதே படம்போன்ற படம், அதே தொகை. தம்பி அதை முதல் கடிதத்தின் பிரதி என்று நினைத்துப் பழைய பத்திரிகைகளோடு போட்டுவிட்டார். தம்பியின் மனைவியான மாமி எடுத்து இரண்டையும் மேசையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தண்டனை எண் வேறு, மீறல் திகதி ஒருநாள் தள்ளி, படத்தின் மூலையில் இருந்த நேரம் நள்ளிரவு தாண்டியது. அந்த உறை குப்பைக்குப் போயிருந்தால் 90 பவுண் கட்ட வேண்டிய இடத்தில் 270 ஆகியிருக்கும். ஒரே வாரத்தில் வரும் இரண்டு கடிதங்களை ஒப்பிடும்போது பார்க்க வேண்டியவை மீறல் திகதியும் தண்டனை எண்ணும்தான்.

வந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தம்பி கூச்சப்பட்டார். முதல் கடிதத்தை ஒரு பகல் முழுவதும் மறைத்து வைத்திருந்தார். வீட்டுக்கு வந்தவர்களிடம் காசுக் கதை பேசுவதா என்ற அந்தத் தயக்கம் புரியக்கூடியது. ஆனால் இந்த விதியில் ஒவ்வொரு நாளும் விலை உண்டு. அன்று மாலையே அவர் வாய் திறந்ததால்தான் எட்டாம் நாள் காப்பாற்றப்பட்டது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று இரவு கலண்டரை விரித்து, கார் லண்டனுக்குள் ஓடிய நாட்களைக் குறித்தார்கள். கட்டணத்தை, ஓடிய நாளுக்குப் பின்வரும் மூன்றாம் நாள் நள்ளிரவுவரை கட்டலாம். நான்காம் நாளுக்கான அவகாசம் ஏழாம் நாளோடு முடிந்துவிட்டது, அதற்கும் தண்டனை வரும் என்று எதிர்பார்க்க வேண்டியதுதான். எட்டாம் நாளுக்குப் பதினோராம் நாள்வரை நேரம் இருந்தது. உடனே 12.50 கட்டினார்கள்.

அதிலும் ஒரு சறுக்கல் நடக்கவிருந்தது. தேடலில் மேலே வந்த விளம்பரத் தளம் ஒன்று அதிகாரபூர்வத் தளம்போலவே இருந்தது, ஆனால் கடைசிப் பக்கத்தில் கேட்ட தொகை 12.50ஐவிடக் கூட. தொகை பொருந்தாததைக் கண்டு மகன் நிறுத்தினார். முகவரியைத் தாமே தட்டி எழுதிப் போனபோது சரியான தளம் திறந்தது. இலக்கத்தை இடும்போது ஓ என்ற ஆங்கில எழுத்தையும் பூச்சியத்தையும் மாற்றிவிடாமல் பார்த்தார்கள். மாறினால் வேறொருவரின் காருக்குக் கட்டியதாகிவிடும், தண்டனை நமக்கே வரும்.

தண்டனையை மறுத்து எழுதுவதா என்று யோசித்தார்கள். விமானம் தாமதம், எல்லை தெரியாது என்ற இரண்டும் ஏற்கப்படக்கூடிய காரணங்களல்ல. கார் விற்கப்பட்டிருந்தது, திருடப்பட்டிருந்தது, கட்டணம் ஏற்கெனவே கட்டப்பட்டது என்பவை போன்றவைதான் எடுபடும். அதனால் பாதித் தொகைக்குள் கட்டி முடிப்பதென்று தீர்மானித்தார்கள். நான்காம் நாள் ஓட்டியது மகன் என்றாலும் கடிதம் வருவது காரின் பதிவுக்காரரின் பெயருக்கு. மகன் அந்த 90 பவுணைத் தான் தருவதாகப் பிடிவாதமாக நின்று கொடுத்தார்.

உறவினர் ஒருவர் இலக்கத்தகட்டில் சேறு பூசிக்கொண்டு போகலாம் என்றார். அது உடனேயே தள்ளப்பட்டது. தகட்டை மறைப்பது தனிக் குற்றம். வேறொருவரின் இலக்கத்தைப் பூட்டிக்கொண்டு ஓடுவதோ, அந்த மனிதரின் வீட்டு வாசலுக்குத் தண்டனையை அனுப்பும் வேலை.

மீதி நாட்களுக்கு ஒவ்வொரு பயணத்தையும் தனித்தனியாகப் பார்த்தார்கள்.

திருமணம் பதினோராம் நாள் காலை, வரவேற்பு பன்னிரண்டாம் நாள் மாலை. தினமும் போய்வந்தால், வரவேற்பு முடிந்து நள்ளிரவு தாண்டிவிடும் என்பதால் 11, 12, 13 என்று மூன்று நாட்களுக்குக் கட்டணம் விழும். ஆனால் வலயத்துக்குள் கார் நிறுத்தப்பட்டிருந்தால், ஓடாத நாளுக்குக் கட்டணமில்லை. அதனால் பதினோராம் நாள் விடியற்காலை காரைக் கொண்டுபோய்த் தங்கை வீட்டு முற்றத்தில் விட்டுவிட்டு, பதின்மூன்றாம் நாள்தான் எடுப்பதென்று முடிவு. வீதியில் விட்டால் ஹரோவின் பல தெருக்களில் தரிப்பிட அனுமதி வேறு வேண்டும், அதனால்தான் முற்றம். இடையில் மண்டபத்துக்குப் போய்வரத் தங்கையின் கணவருடைய 07 இலக்கத்தகட்டுப் பெற்றோல் கார். 2007இல் பதிவான வண்டி, தளத்தில் இட்டுப் பார்த்தபோது கட்டணமில்லை என்று வந்தது. அவரே ஓட்டினார். அங்கே காப்புறுதி பெயர் குறித்த சாரதிக்கே பொருந்தும் என்பதால், திறப்பை மகனிடம் கொடுத்துவிட முடியாது. ஏழு பேரை இரண்டு தடவையாக ஏற்றி இறக்கினார்கள். இரண்டு இரவும் எல்லோரும் மண்டபத்துக்குக் கிட்டிய சொந்தக்காரர் வீடுகளில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

பதினைந்தாம் நாள் ஹைகேற் முருகன் கோயில். இதற்குக் காரை எல்லைக்கு வெளியே விடுவதென்று முடிவு. ரிக்மன்ஸ்வேத் நிலையம் ஹேர்ட்ஃபோட்ஷயரில் இருக்கிறது, வலயத்துக்கு வெளியே. ஆனால் மெற்றோபொலிற்றன் ரயில் பாதையில், லண்டன் ரயில் கட்டண அட்டையான ஒயிஸ்ரர் செல்லும் ஏழாம் கட்டணப் பிரிவுக்குள் இருக்கிறது. நிலையத் தரிப்பிடத்தில் காரை விட்டு, கிங்ஸ் குரொஸ் வரை ஒரே ரயில், அங்கிருந்து நோதர்ன் பாதையில் ஹைகேற். போனது தம்பியும் வந்த மூவரும் மட்டும். ஆளுக்கொரு அட்டை வேண்டும், ஒரே வங்கி அட்டையை நால்வரும் மாறிமாறித் தட்ட முடியாது.

பதினெட்டாம் நாள் மறுபடி ஹீத்ரோ. சிலவ் நகரம் வலயத்துக்கு வெளியே இருப்பதால் காரை அங்கே விட்டு, எலிசபெத் ரயிலில் ஹேய்ஸில் மாறி விமான நிலையம் போகலாம். காகிதத்தில் நன்றாக இருந்தது. ஆனால் ஆறு பெட்டியும் முழங்கால் வலியுள்ள தாயும் இருக்க, 12.50 பவுணை மிச்சப்படுத்த ரயில் மாறுவதை யாரும் விரும்பவில்லை. கட்டணத்தைக் கட்டிக் காரிலேயே போவதென்று வைத்தார்கள். இது சரியான முடிவு என்பதே எமது எண்ணமும்.

இத்தோடு தம்பி தன் காரை அதே தளத்தில் Auto Pay முறையில் பதிந்தார். கமரா பிடித்த நாட்களுக்கு மட்டும் தானாகக் கணக்கெழுதி, மாதமொருமுறை வங்கி அட்டையில் எடுத்துக்கொள்ளும். பதிவுக்குக் கட்டணமில்லை. ஆனால் பதிந்த பிறகு ஓடும் நாட்களுக்குத்தான் செல்லும், பழைய நாட்களை அது மீட்காது.

## நடந்தது

முற்றத்தில் விட்ட ஏற்பாடு சரியாக வேலை செய்தது. Auto Pay கணக்கில் அந்த மூன்று நாட்களில் 11ஆம், 13ஆம் நாட்கள் மட்டும் வந்தன. நடுவில் ஒருமுறை, பன்னிரண்டாம் நாள் மாலை, மறந்துபோன தாலிக்கொடிப் பெட்டியை எடுக்க யாரோ டீசல் காரின் திறப்பைத் தூக்கினார்கள். மாமி வாங்கி வைத்துக்கொண்டார். தெருமுனைவரை ஓடினாலும் அது ஒரு நாள்தான்.

கோயில் நாளில் ரயில் திட்டம் நேரத்துக்கு நடந்தாலும் தாய்க்குக் கடினமாக இருந்தது. ஹைகேற் நிலையத்தில் மின்தூக்கி இல்லை. பூசைத் தட்டோடு ஏறி மேலே வந்து, நிலைய வாசலில் கொஞ்சநேரம் உட்கார வேண்டியிருந்தது.

நான்காம் நாளுக்கான தண்டனைக் கடிதம் பதின்மூன்றாம் நாள் வீடு திரும்பியபோது வாசலில் கிடந்தது. மூன்று தண்டனைகளுக்கும் சேர்த்து 270 பவுண். 8, 11, 13, 18 ஆகிய நாட்களுக்கு 50. மொத்தம் 320 பவுண். முதல் நாளிலிருந்தே கார் Auto Pay முறையில் பதியப்பட்டிருந்தால், ஓடிய ஏழு நாட்களுக்கும் 87.50 மட்டுமே ஆகியிருக்கும்.

## மாற்ற வேண்டியவை

இலக்கத்தைத் தளத்தில் இட்டுப் பார்ப்பது, பயணச்சீட்டு எடுக்கும் நாளிலேயே நடந்திருக்க வேண்டும். ஊரிலிருந்து போகிறவரே கூப்பிடுபவரிடம் இலக்கத்தைக் கேட்டு, திருகோணமலையில் இருந்தபடி பார்க்கலாம். "எத்தனையாம் ஆண்டுக் கார்" என்று கேட்பதற்கு முன் "பெற்றோலா டீசலா" என்று கேட்க வேண்டும்.

விமான நிலையத்துக்கு முன்கூட்டிப் போய் உள்ளே காத்திருக்கக் கூடாது. மில்டன் கீன்ஸ் பக்கமிருந்து வருகிறவர், எம்40 நெடுஞ்சாலையில் பீக்கன்ஸ்ஃபீல்ட் ஓய்விடத்தில் நிற்கலாம், அது வலயத்துக்கு வெளியே. விமானம் தரையிறங்கி, பெட்டி எடுத்தாயிற்று என்று அழைப்பு வந்தபின் புறப்பட்டால் போதும். அன்று தம்பி அப்படி நின்றிருந்தால், உள்ளே போனதும் வெளியே வந்ததும் நள்ளிரவுக்குப் பின் ஒரே நாளாக முடிந்திருக்கும்.

கோயிலுக்கு ரயிலுக்குப் பதிலாக, ரிக்மன்ஸ்வேத்தில் வைத்துத் தங்கையின் கணவரை ஏற்றச் சொல்லியிருக்கலாம். நால்வர் மட்டுமே போனதால், தம்பி நிலையத்தில் நின்றுகொள்ள மற்ற மூவரும் பெற்றோல் காரில் வசதியாகப் போயிருப்பார்கள். கல்யாணக் களைப்பில் அவரை மறுபடி கேட்கத் தயங்கியதால் அது நடக்கவில்லை.

தம்பி காரை மாற்றவில்லை. லண்டனுக்குள் ஆண்டுக்கு நாலைந்து நாட்கள் போவதற்காக ஏழு இருக்கை வண்டியை விற்பது கணக்குக்கு ஒத்துவராது என்கிறார், Auto Pay பதிவு தொடர்கிறது. அடுத்து உப்புவெளியிலிருந்து ஒரு சித்தப்பா நத்தார் விடுமுறைக்கு வருவதாக இருந்தபோது, அவர் சொன்ன பயண நாள் டிசம்பர் 25. வலயம் இயங்காத ஒரே நாள் அது. விமானம் பிந்தி நள்ளிரவு தாண்டினால் 26ஆம் திகதிக்குக் கட்டணம் உண்டு என்பதையும் தம்பி அதே அழைப்பில் சொல்லி வைத்தார்.